பாதத்துக்குக் கீழே ஒரு வரி

பக்திக் காணொளிகளில் கணினி ஆக்கிய உருவமும் செயற்கைக் குரலும் வரும்போது, அதைப் பார்ப்பவரிடம் பக்தி குலையாமல் எப்படிச் சொல்வது என்பது இன்றைய பேச்சு. பொதுவாகப் பேச எனக்குத் தெரியாது. நான் கூடவே இருந்து பார்த்த ஒரே ஒரு காணொளியை வைத்துப் பேசுகிறேன்.

கடலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே வள்ளலார் அன்பர்கள் சிலர் சேர்ந்து மன்றம் நடத்துகிறார்கள். மாதப் பூசத்துக்கு அன்னதானம், அகவல் பாராயணம். போன தைப்பூசத்துக்கு முந்தைய தைப்பூசத்தில், கஞ்சி ஊற்றி முடித்த பிறகு, மன்றத்துத் தம்பி ஒருவர் திரை கட்டி ஒரு காணொளி போட்டார். 6 நிமிடம் 20 நொடி. வெள்ளாடை போர்த்திய வள்ளல் பெருமான் வடலூர் வெளியில் நடந்து வருகிறார், நின்று நம்மைப் பார்க்கிறார், வாய் திறந்து பேசுகிறார். இமை அசைகிறது. முக்காட்டின் ஓரம் காற்றில் ஆடுகிறது. என் பக்கத்தில் எழுபது தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெருமான் பேசத் தொடங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “ஐயா, சாமி கொரலு இப்பிடித்தான் இருந்துச்சா? இத்தினி நாளு யாருகிட்ட இருந்துச்சு இந்தப் படம்?” என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா ஏமாறவில்லை; அவரை நாம் ஏமாற்றியிருந்தோம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மெய்யும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு உரிய விடை வரலாற்றில் இருக்கிறது. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத் திருமாளிகையில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877. ஆகவே அவர் குரல் எந்த வட்டிலும் நாடாவிலும் இருக்க வழியே இல்லை. ஒளிப்படக் கலை அவர் காலத்தில் இருந்தது. சென்னையிலிருந்து படம்பிடிப்பவர் ஒருவரை அழைத்து வந்து எட்டு முறை முயன்றும் உடையே விழுந்தது, உருவம் விழவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் அவர் உருவத்தைச் செய்து கொண்டுவந்ததாகவும், அதை வாங்கிப் பார்த்த பெருமான் கீழே போட்டு உடைத்துவிட்டதாகவும் இன்னொரு செய்தி உண்டு. அதை அன்பர்கள் எல்லோரும் அறிவார்கள். இன்று நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வள்ளலார் படம் எல்லாமே ஓவியர் கை வரைந்தவை. பதிவாகாத முகம், பதிவாகாத குரல். செயற்கை உருவத்தையும் குரலையும் பற்றிப் பேச இதைவிடக் கூர்மையான இடம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்தத் தம்பியிடம் பேசினேன். நல்ல பிள்ளை. மூன்று மாதம் இரவு உட்கார்ந்து செய்திருக்கிறார். “அறிவிப்பு போடணும்தான் ஐயா, எனக்கும் தெரியும். ஆனா சாமி முகத்து மேல ‘இது செயற்கை’ன்னு எழுதினா கும்புடுற கை கீழ இறங்கிடுமே” என்றார். இந்தத் தயக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காசுக்காக மறைக்கிறவர் வேறு. இவர் பக்திக்காக மறைத்தார். அவருக்குச் சொன்ன விடையைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

செய்தவர் கை தெரிவதால் பக்தி குறையும் என்று நம் மரபு நினைத்ததே இல்லை. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரைத் தெருவில் அச்சு வைத்து நம் கண் முன்னேயே பிடித்துக் கொடுக்கிறார்கள். வாங்கி வந்து குன்றிமணிக் கண் வைத்துக் கும்பிடுகிறோம். மண் என்று தெரிந்துதான் கும்பிடுகிறோம். பிறகு ஆற்றிலோ கிணற்றிலோ கரைக்கிறோம். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டர்களில் வந்து எத்தனை வீட்டுப் பூசையறையில் சந்தனம் குங்குமம் ஏற்றிருக்கின்றன! அந்தப் படங்களின் அடி ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கும். சாமி பாதத்துக்குக் கீழே, சிறிதாக, தெளிவாக. அந்தக் கையெழுத்தைப் பார்த்து யார் பக்தியும் குறைந்ததில்லை. இது ஒரு மனிதன் வரைந்த படம் என்ற அறிவிப்பு அதுதான். நமக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். அந்தக் கையெழுத்து இருந்த இடத்தையும் அளவையும் திரும்பப் பிடித்தால் போதும்.

ஆனால் உருவத்துக்குத் தாராளமாக இருந்த மரபு, வாக்கு விஷயத்தில் அப்படி இருந்ததில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அருட்பா அச்சேறிய வரலாற்றைப் பாருங்கள். தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டார். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 தொடங்கி 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். 1972-இல் ஊரன் அடிகள் பதிப்பு வந்தது. இவர்கள் உழைப்பெல்லாம் எதற்கு? பெருமான் கைப்பட எழுதியது எது, அவர் சொல்லக் கேட்டு அன்பர்கள் குறித்துவைத்தது எது, பின்னால் வந்து சேர்ந்தது எது என்று பிரித்துக் காட்டத்தான். உரைநடைப் பகுதியில் ‘உபதேசம்’ என்று தனியே இருப்பது கேட்டவர் எழுதிய குறிப்பு. அதைப் பெருமான் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தோடு ஒன்றாகக் கலக்கமாட்டார்கள். பதிப்பாசிரியர் அடியில் ஒரு குறிப்புப் போடுவார். அந்தக் குறிப்பும் ஒரு வழிபாடுதான் என்று நான் நம்புகிறேன்.

கணினி ஆக்கிய பேச்சு இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறது. ஆனால் அது வந்து நிற்கும் விதம்தான் சிக்கல். அச்சில் இருந்தால் கண் அடிக்குறிப்புக்குப் போகும். முகம் பேசும்போது அடிக்குறிப்பு இல்லை. கையெழுத்துப்படிக்கும் கேட்டெழுதியதற்கும் நேற்று யாரோ தட்டச்சுச் செய்ததற்கும் ஒரே முகம், ஒரே குரல்.

அந்தக் காணொளியிலேயே இது நடந்திருந்தது. நான்காவது நிமிடத்தில் பெருமான் ஒரு மூலிகையைச் சொல்லி, அதை உண்டால் சர்க்கரை நோய் போய்விடும் என்று சொன்னார். வள்ளலார் மூலிகைகளைப் பற்றி எழுதியிருப்பது உண்மை. கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் அவர் சொன்னவைதான். ஆனால் ‘சர்க்கரை நோய்’ என்ற சொல்லே எனக்கு உறுத்தியது. அந்தக் காலத்தார் நீரிழிவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். பதிப்புகளை எடுத்து வைத்து இரண்டு நாள் தேடினேன். அந்த வாக்கியம் எங்கும் இல்லை. தம்பியைக் கேட்டேன். வாட்ஸாப்பில் வந்த ஒரு செய்தியிலிருந்து எடுத்தேன் என்றார். அந்தக் கூடத்தில் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகள் எத்தனை பேர் இருந்தார்கள்! பெருமான் வாயால் கேட்ட பிறகு மருந்தை நிறுத்தினால் யார் பொறுப்பு? ‘உருவம் செயற்கை’ என்று மட்டும் அறிவித்திருந்தாலும் இந்தத் தீங்கு நின்றிருக்காது. சொல் எங்கிருந்து வந்தது என்றும் சொன்னால்தான் நிற்கும்.

ஆகவே அறிவிப்பு என்பது ஒரு வரி இல்லை; மூன்று தனித்தனிச் செய்திகள். சொல் யாருடையது, குரல் யாருடையது, உருவம் எதிலிருந்து வந்தது. மூன்றுக்கும் விடை வெவ்வேறாக இருக்கும். மூன்றையும் சேர்த்து ‘இது செயற்கை நுண்ணறிவால் ஆனது’ என்று ஒரே முத்திரை குத்தினால் இரண்டு தப்பு நேர்கிறது. பெருமானுடைய உண்மையான வாக்கும் செயற்கை என்ற பழிக்கு ஆளாகிறது. இட்டுக்கட்டிய வாக்கும் படத்தோடு சேர்ந்து மன்னிப்புப் பெற்றுவிடுகிறது.

உருவத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். தொழுவூர் வேலாயுத முதலியார் பெருமானுடன் ஆண்டுக்கணக்கில் பழகிய மாணவர். அவர் 1882-இல் பிரம்மஞான சபையாருக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் குருவின் தோற்றத்தைச் சொல்கிறார். நடுத்தரத்துக்குச் சற்று மேலான உயரம். எலும்புக்கூடு போல மெலிந்த உடல், ஆனால் வலிமை உடையவர். நிமிர்ந்த நிலை, விரைந்த நடை. தெளிந்த பழுப்பு நிறம், நேரான மெல்லிய மூக்கு, பெரிய தீட்சண்யமான கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம். கடைசிக் காலத்தில் தலைமுடியை நீளமாக வளரவிட்டார், காலணி அணிந்தார். உடை இரண்டு வெள்ளைத் துணி. இப்போது காணொளியில் வந்த உருவத்தை நினைத்துப் பாருங்கள். வெளுத்த மேனி, திரண்ட கன்னம், எண்ணெய் தடவியது போல் பளபளக்கும் தோல், சிரித்த முகம், வெறுங்கால். எந்தப் பசியைக் கண்டு அந்த முகத்தில் துயரம் குடிகொண்டதோ, அந்தத் துயரம் முழுக்கத் துடைக்கப்பட்டிருந்தது. கருவியை இயக்கியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தக் கருவி ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. ‘ஞானி’ என்று கேட்டால் அதற்குப் பழகிப்போன ஞானியைத்தான் தரும்.

இடமும் அப்படித்தான். சத்திய ஞான சபை எண்கோண வடிவக் கட்டடம். உள்ளே விக்கிரகம் கிடையாது. ஏழு நிறத் திரைகளை விலக்கினால் ஜோதி. 1872-இல் அதை அப்படி அமைத்தது பெருமானுடைய கொள்கை. காணொளியில் அதே சபைக்குள் ஒரு லிங்கமும் அதன்மேல் மாலையும் இருந்தன. இது அலங்காரப் பிழை இல்லை, கொள்கையையே மாற்றுகிற பிழை. நடராசர் படங்களிலும் இதே சங்கடம் வரும். தில்லையில் வலக்கால் ஊன்றி இடக்கால் தூக்கியிருக்கிறார். மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடுகிறார். கருவி படத்தை இடவலம் மாற்றிப் போட்டால், கீழே சிதம்பரம் என்று எழுதியிருக்கும், மேலே மதுரைக் கோலம் இருக்கும். விரல் ஆறாக இருக்கிறதா என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எந்தக் கால் ஊன்றியிருக்கிறது என்று பார்க்க அந்தக் கோயிலை அறிந்த ஒருவர் வேண்டும். முதலில் இவற்றைத் திருத்த வேண்டும். திருத்தக்கூடிய பிழையை வைத்துக்கொண்டு ‘கற்பனை’ என்று அறிவிப்புப் போடுவது முறையாகாது.

சட்டமும் தளங்களும் என்ன கேட்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூப் 2024 மார்ச் முதல் காணொளி ஏற்றும்போதே Altered content என்ற பகுதியில் கேட்கிறது: உண்மை மனிதர் சொல்லாததைச் சொன்னதுபோல் காட்டுகிறீர்களா, உண்மையான இடத்தையோ நிகழ்ச்சியையோ மாற்றியிருக்கிறீர்களா, நடக்காத காட்சியை நடந்ததுபோல் தத்ரூபமாக ஆக்கியிருக்கிறீர்களா? நான்கு கை முருகன் மயிலேறிப் பறக்கும் கேலிச்சித்திர பாணிக் கதைக்கு ‘இல்லை’ என்று சொல்லலாம். அது யாருக்கும் நிஜமாகத் தோன்றாது. வரலாற்றில் வாழ்ந்த ஞானி தத்ரூபமாகப் பேசினால் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் 2026 பிப்ரவரி 20 முதல் நடப்புக்கு வந்த தகவல் தொழில்நுட்பத் திருத்த விதிகள், செயற்கையாக ஆக்கியதைத் தெளிவாகத் தெரியும்படி அடையாளமிடச் சொல்கின்றன. வாழ்கிற குருமார்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2025-இல் ஜக்கி வாசுதேவ் தம் பெயரிலும் உருவத்திலும் வந்த போலிகளுக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். சித்தியடைந்தவருக்காக வழக்குப் போட யாரும் இல்லை. அவருக்காக நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யூடியூப் வைக்கும் அடையாளம் பெரும்பாலும் விளக்கப் பகுதிக்குள், விரித்துப் பார்த்தால் தெரியும் இடத்தில் இருக்கிறது. மன்றத்தில் திரை கட்டிப் போட்டால் அது தெரியாது. முப்பது நொடி வெட்டி வாட்ஸாப்பில் அனுப்பினால் அது கூடவே வராது. கோப்புக்குள் மறைவாகப் பதியும் தகவலும் ஒருமுறை மறுபதிவு செய்தாலே பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே அறிவிப்பு படத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

நாங்கள் அந்தக் காணொளியை மறுபடி செய்ததைச் சொல்கிறேன். பெருமான் வாய் அசைவதை முதலில் எடுத்தோம். அவர் நடக்கிறார், அமர்கிறார், பார்க்கிறார், பேசுவதில்லை. கதை சொல்லும் குரல் முன்பு ஆண் குரலாக இருந்தது. எத்தனை அறிவிப்புப் போட்டாலும், வெள்ளாடை உருவத்தின் மேல் ஓர் ஆண் குரல் ஒலித்தால் கேட்பவர் மனத்தில் அது பெருமான் குரலாகவே பதியும். அதைப் பெண் குரலாக மாற்றினோம். அந்த ஒரு மாற்றம் செய்த வேலையைப் பத்து வரி எழுத்து செய்திருக்காது.

பாடலுக்குச் செயற்கைக் குரலே வேண்டாம் என்று மன்றத்தார் முடிவு செய்தார்கள். அந்தக் குரல் ழகரத்தை ஒரு வரியில் சரியாகச் சொல்லி அடுத்த வரியில் ளகரமாக்கியது. விருத்தத்தைச் சீர் பார்த்து நிறுத்தாமல் அச்சில் வரி முடிந்த இடத்தில் நிறுத்தியது. பொருள் முறிந்தது. தினமும் பாடும் இரண்டு அன்பர்கள் பாடிப் பதிந்தார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது; அப்படியே வைத்துக்கொண்டோம்.

பிறகு அறிவிப்பு. அதன் சொற்களுக்காக நான்கு மாலை உட்கார்ந்தோம். ‘செயற்கை வள்ளலார்’ என்று தம்பி முதலில் எழுதியிருந்தார். அது கூடாது. ஆக்கப்பட்டது படம், பெருமான் ஆக்கப்பட்டவர் இல்லை. எழுவாய் எப்போதும் படமாகவோ குரலாகவோ இருக்க வேண்டும். ‘போலி’ என்பதையும் விலக்கினோம். போலி என்றால் ஏமாற்ற நினைத்தது என்று பொருள், சொல்லிவிட்டுச் செய்தால் அது போலி ஆகாது. ‘சித்திரிப்பு’ என்று ஒருவர் சொன்னார். அழகான சொல், ஆனால் நடிகர் நடித்ததற்கும் அதைத்தான் சொல்கிறோம் என்பதால் கணினி என்ற சொல்லை விடாமல் வைத்தோம். கடைசியில் நின்றது இது:

“பெருமானின் ஒளிப்படமோ குரற்பதிவோ கிடைக்கவில்லை. இதில் வரும் உருவம், தொழுவூர் வேலாயுத முதலியார் தந்த வருணனையைத் தழுவிக் கணினியில் ஆக்கியது. கதை சொல்லும் குரலும் கணினிக் குரல். பாடுபவர்கள் மன்றத்து அன்பர்கள். பெருமான் வாக்காக வருபவை ஊரன் அடிகள் பதிப்பில் உள்ளவை.”

இதை எழுத்தாக மட்டும் காட்டவில்லை. படிக்க இயலாதவர்களுக்காகத் தம்பியே தம் சொந்தக் குரலில் படித்தார். நிதானமாகப் படித்தால் ஏறக்குறைய 20 நொடி. ஜோதி காட்சி வருவதற்கு முன், விளக்கு ஏற்றும் காட்சிக்கும் முன், எல்லாவற்றுக்கும் முதலில் அது வந்துவிடும். நடுவில் குறுக்கிடுவதில்லை. கும்பிடத் தொடங்கியவரை நிறுத்திச் சொல்வதுதான் மரியாதைக் குறைவு. கும்பிடும் முன் சொல்வது மரியாதை.

உருவம் வரும் காட்சிகளில் மட்டும் ‘கணினி வரைந்த உருவம்’ என்று ஒரு வரி. படத்தைச் சற்றுச் சிறிதாக்கி, அடியில் ஒரு பட்டை விட்டு, அந்தப் பட்டையில் எழுதினோம். முகத்தின் மேலோ திருவடியின் மேலோ எழுத்து ஓடாது. கைபேசிக்கான நெட்டுக் காணொளியில் கீழ்ப்பகுதியைத் தளத்தின் எழுத்துகளே மறைத்துவிடும் என்பதால் அங்கே மேல் ஓரம்.

அப்படியும் ஒரு பட்டையை வெட்டிவிட எத்தனை நேரம் ஆகும்? அதற்காக வாக்கியத்தையே மாற்றினோம். தமிழில் மேற்கோளை ‘என்று சொன்னார்’ என்று கடைசியில் முடிப்பது வழக்கம். துண்டு போடுகிறவர் அந்தக் கடைசியைத்தான் முதலில் வெட்டுவார். மிஞ்சுவது குரு நேரே பேசியது போல இருக்கும். ஆகவே ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் ‘ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பெருமான் எழுதுகிறார்’ என்றும், கேட்டெழுதியது என்றால் ‘அன்பர் குறித்துவைத்த உபதேசத்தில் இருப்பது’ என்றும் வைத்தோம். பதிப்பாசிரியர் அடியில் போட்ட குறிப்பு வாக்கியத்தின் தலைக்கு ஏறியது. மூலிகை வாக்கியத்தை நீக்கிவிட்டோம். சபைக்குள் இருந்த லிங்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கணினி எதையும் வரையாமல், மன்றத்தார் நேரில் எடுத்த சபையின் வெளித்தோற்றப் படத்தையே வைத்தோம். முகம் மட்டும் கடைசிவரை தொந்தரவு செய்தது. எலும்பு தெரியும் மெலிவு, துயரம், பழுப்பு நிறம் என்று எத்தனை முறை எழுதினாலும் கருவி மறுபடி சிரிக்க வைத்தது. நாற்பதுக்கு மேல் படங்கள் போனபின் ஒன்றைத் தேர்ந்தோம். அதுவும் அவர் முகம் இல்லை.

எல்லாவற்றையும் அறிவிப்பு சரிசெய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். குருவின் முகம் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவது, காணிக்கை கேட்பது, தேர்தலில் ஒருவரைச் சுட்டுவது, இவற்றின் அடியில் எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் நான் ஏற்கமாட்டேன். உருவமே கூடாது என்று நம்பும் சமயத்தாருக்கு அவர்கள் போற்றுபவரை வரைந்துவிட்டு அறிவிப்புப் போடுவதும் அப்படியே.

போன தைப்பூசத்துக்குப் புதிய காணொளியைப் போட்டோம். அதே கூடம், அதே கஞ்சி. அந்த அம்மா பேத்தியோடு வந்திருந்தார். தம்பி குரலில் அறிவிப்பு வந்தபோது பேத்தியிடம், “என்னா சொல்றான்?” என்றார். “சாமி படம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதாம் ஆயா. நெசப் படம் இல்லவே இல்லியாம்” என்றது குழந்தை. அம்மா தலையாட்டினார். பெருமான் நடந்து வந்தபோது முன்போலவே கையெடுத்துக் கும்பிட்டார். முடிந்து வெளியே வரும்போது என்னைக் கூப்பிட்டு, “வரைஞ்ச புள்ளகிட்ட சொல்லுங்க ஐயா, காலுல செருப்பு போட்டுருக்குன்னு. எங்க தாத்தா சொல்லுவாரு, அவரு செருப்பு போட்டுத்தான் நடப்பாராம். சரியா வரைஞ்சிருக்கான்” என்றார்.